மூன்று மாதம் வந்த ட்யூப்

மே மாத முதல் வாரம், மதுரையில் சித்தி வீடு. என் சித்தி மகள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பி.பி. கிரீம் ட்யூபின் அடிப்பகுதியைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு வந்தது. மிளகு அளவு. அதை விரல் நுனியில் தொட்டு நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடையில் ஒன்று என்று புள்ளி வைத்து ஸ்பாஞ்சால் ஒற்றினாள். அரை நிமிடத்தில் முகம் சீராகிவிட்டது. கன்னத்து மங்கு மட்டும் அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

“தோல் டாக்டர் கலர் இருக்கிற சன்ஸ்கிரீன்தான் போடணும்னு சொன்னாங்க அக்கா. பொங்கல்லேருந்து ஒருநாள் விடாம போடுறேன். இந்தா பாரு, எஸ்.பி.எஃப். 30-னு போட்டிருக்கு. மங்கு கொஞ்சம்கூடக் குறையல.”

அவள் பள்ளி ஆசிரியை. காலையில் ஸ்கூட்டியில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம். வகுப்பறையில் மேசை ஜன்னலோரம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் விழுந்த மங்கு, ஐந்து வருடமாக வெயில் காலத்தில் கருப்பதும் மழைக்காலத்தில் வெளிறுவதுமாக இருக்கிறது. டாக்டர் சொன்னது சரி. அவள் ஒருநாளும் தவறாமல் போட்டதும் உண்மை. அப்படியானால் எங்கே தப்பு?

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். இந்த ட்யூப் எத்தனை நாள் வந்தது?

பொங்கலுக்கு வாங்கியது. பள்ளிக்கூடம் நடந்த நாள், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போன நாள் எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 90 நாள். ட்யூபில் எழுதியிருந்த எடை 30 கிராம். 30-ஐ 90-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்ணில்தான் எல்லாமே இருந்தது.

ட்யூபின் மேல் போட்டிருக்கும் 30 அல்லது 50 என்ற எண், கிரீமுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு குணம் என்றே நாம் நினைக்கிறோம். அது ஒரு சோதனையின் முடிவு. தன்னார்வலர்களின் முதுகில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் வீதம் நிறுத்துத் தடவி, கால் மணி நேரமாவது காயவிட்டு, வெயிலைப் போன்ற விளக்கொளியைப் பாய்ச்சுகிறார்கள். மறுநாள் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிரீம் இல்லாத இடம் சிவக்க எவ்வளவு ஒளி வேண்டியிருந்தது, கிரீம் தடவிய இடம் சிவக்க அதைப்போல எத்தனை மடங்கு வேண்டியிருந்தது என்ற விகிதம்தான் எஸ்.பி.எஃப். அந்த 2 மில்லிகிராம் என்ற கனத்தில் கிடைத்த எண் அது. பூச்சு மெலிந்தால் எண்ணும் சேர்ந்து இறங்கும்.

நம் முகத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்றாலும், காதையும் சேர்த்து முகத்தின் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தலா 2 மில்லிகிராம் என்றால் 1,200 மில்லிகிராம், அதாவது 1.2 கிராம். சமையலறையில் கால் டீஸ்பூன் என்போமே, கிட்டத்தட்ட அவ்வளவு. முன்கழுத்துக்கு இன்னும் அரை கிராமாவது வேண்டும்.

தங்கை போட்டது 0.33 கிராம். வேண்டியதில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பாதுகாப்பும் அதே விகிதத்தில் குறைகிறது என்று கொண்டால், அவள் முகத்தில் இருந்தது 30 அல்ல, சுமார் 8. இதுவும் தாராளமான கணக்கு. பூச்சு மெலிய மெலியப் பாதுகாப்பு இன்னும் வேகமாகச் சரிகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. தோல் என்பது கண்ணாடிபோல் வழவழப்பானதும் அல்ல. மேடும் பள்ளமும் வரியும் கொண்டது. கொஞ்சமாகப் போட்டால் கிரீம் பள்ளத்தில் தேங்கி, மேடுகள் ஏறக்குறைய வெறுமையாகவே நிற்கும்.

30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகும். 8 என்றால் எட்டில் ஒரு பங்கு. ஏறக்குறைய நான்கு மடங்கு. தைப் பொங்கலிலிருந்து சித்திரைத் திருவிழா வரை அவள் கன்னம் வாங்கிய வெயில் அது.

ஆசாரி வீட்டுத் தராசு

கணக்கு கணக்குதான், கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு. தெருக்கோடியில் நகை ஆசாரி மாமாவின் பட்டறை இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அவருடைய மின்தராசு, கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். அவள் அடுத்ததாக வாங்கி வைத்திருந்த புது ட்யூபை எடுத்துக்கொண்டு போனோம். மாமா சங்கிலி நிறுப்பதை நிறுத்திவிட்டு இடம் கொடுத்தார்.

முதலில் ட்யூபை மட்டும் நிறுத்தோம். பிறகு அவள் வழக்கம்போல் புள்ளி வைத்து ஒற்றினாள். மறுபடி நிறுத்தோம். குறைந்தது 0.31 கிராம். தொண்ணூறு நாள் கணக்கும் தராசும் ஒரே பதிலைச் சொல்லின. அதிலும் ஒரு பகுதி முகத்துக்குப் போகவில்லை. ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தபோது டீத்தண்ணீர் நிறத்தில் ஓடியது.

அடுத்து, ஒரு சின்ன எவர்சில்வர் மூடியில் 1.2 கிராம் நிறுத்து எடுத்தோம். அதைப் பார்த்ததும் அவள், “இவ்வளவா? இது எனக்கு நாலு நாளைக்கு வரும்” என்றாள். நாலு நாளைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

அதை முழுக்க முகத்தில் போடச் சொன்னேன். பி.பி. கிரீம் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கேதான் கண்ணெதிரே நடந்தது. பாதி போடும்போதே பூச்சு திட்டுத் திட்டாக நின்றது. மூக்கோரத்தில் திரண்டது. முழுவதும் போட்டு முடித்தபோது முகம் அவளுடைய முகமாகவே இல்லை. மாநிறத்துக்கு மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளுப்பு, கழுத்தில் கோடு போட்டாற்போல் வேறு நிறம். கால் பங்கு போடும்போது தோலோடு கலந்து தெரிந்த அதே ஷேட், முழு அளவில் இரண்டு ஷேட் வெளுப்பாகிவிட்டது. அப்படியே எந்தப் பெண்ணும் வேலைக்குப் போகமாட்டாள்.

அவள் செய்தது சோம்பலும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. அந்தக் கிரீம் அழகாக இருக்கும் அளவு வேறு, அதன் எஸ்.பி.எஃப். கிடைக்கும் அளவு வேறு. தினமும் கண்ணாடி சொன்ன இடத்தில் கை நின்றுவிட்டது. நிறத்தைச் சீராக்குவதற்காகச் செய்த பொருள் அது. மெல்லிய ஒரு பூச்சிலேயே மறைக்க வேண்டும் என்று நிறமியை அடர்த்தியாக வைத்திருப்பார்கள். பி.பி. கிரீமின் பூர்வீகமும் இதுதான். 1960-களில் ஜெர்மனியில் தோல் மருத்துவர் கிறிஸ்டீன் ஷ்ராமெக், தோலுரிப்புச் சிகிச்சைக்குப் பின் சிவந்திருக்கும் முகத்தை ஆற்றவும் மறைக்கவும் உருவாக்கிய களிம்பு அது. பின்னாளில் கொரியா அதைத் தினசரி ஒப்பனையாக்கி உலகம் முழுக்க அனுப்பியது. சன்ஸ்கிரீன் குணம் அதற்குக் கூடுதல் வேலை.

நிறமுள்ள சன்ஸ்கிரீன் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. முழு அளவு போட வேண்டிய பொருள் என்று முடிவுசெய்துவிட்டு, அந்த அளவில் முகம் கெடாதபடி நிறத்தை இளக்கமாகச் சேர்க்கிறார்கள். நன்றாகச் செய்த ஒன்றை 1.2 கிராம் போட்டால், லேசான ஃபவுண்டேஷன் போட்டமாதிரி இருக்கும். பெட்டியின் பெயரை நம்ப வேண்டாம். பி.பி. என்று எழுதிய சிலவும் முழு அளவைத் தாங்கும், சன்ஸ்கிரீன் என்று எழுதிய சிலவும் தாங்காது. முழு அளவை ஒருநாள் வீட்டில் போட்டுப் பாருங்கள். அதோடு வெளியே போக மனம் வந்தால் அது ஒரே பூச்சில் இரண்டு வேலையும் செய்யும். மனம் வராவிட்டால் அது ஒப்பனைப் பொருள், அதை நம்பி வெயிலில் இறங்கக் கூடாது.

நிறம் எதற்கு?

நிறமில்லாத நல்ல சன்ஸ்கிரீனையே முழு அளவு போட்டுவிட்டுப் போகலாமே என்று ஆசாரி மாமாவின் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. வெறும் வெயில் பாதுகாப்புக்கு அது போதும். மங்குக்குப் போதாது.

மங்கைக் கருக்க வைப்பதில் புற ஊதாக் கதிருக்கு மட்டுமல்ல, நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. அதிலும் ஊதா, நீலப் பகுதிக்கு அதிகம். அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வெறும் கண்ணுறு ஒளியைத் தோலில் பாய்ச்சினார்கள். மாநிறமும் கருநிறமும் கொண்டவர்களின் தோல் கருத்தது, அந்தக் கருமை நாள்கணக்கில் நின்றது. வெள்ளைத் தோலில் அப்படி எதுவும் வரவில்லை. எஸ்.பி.எஃப். சோதனையோ எளிதில் சிவக்கும் வெளிர்நிறத் தோலில், சிவப்பை வைத்து எடுக்கப்படுவது. நம் தோல் சிவப்பதற்கு முன்பே கருத்துவிடுகிறது. நம்முடைய தொல்லையை அந்த எண் அளப்பதே இல்லை. கூடவே இருக்கும் பி.ஏ. கூட்டல் குறிகள் புற ஊதா ‘ஏ’ கதிரைப் பற்றியவை. அவை நமக்கு இன்னும் உதவும், ஆனால் அவையும் கண்ணுறு ஒளிவரை வருவதில்லை.

அந்த ஒளியைப் பிடிப்பது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கிற அதே குடும்பம். சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று மூன்று நிறத்திலும் கலந்துதான் தோல்நிறம் உண்டாக்குகிறார்கள். பொருள் பட்டியலில் சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களாக இருக்கும். மெக்ஸிகோவில் 2014-இல் வெளியான ஆய்வொன்றில் மங்கு உள்ளவர்களை இரு பிரிவாக்கி, இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துக் களிம்பையும் ஒரே அளவு புற ஊதாப் பாதுகாப்புள்ள சன்ஸ்கிரீனையும் கொடுத்தார்கள். ஒரு பிரிவின் சன்ஸ்கிரீனில் மட்டும் இரும்பு ஆக்சைடு. 8 வாரத்தில் அந்தப் பிரிவுக்கு மங்கு கூடுதலாகக் குறைந்தது. தங்கையின் டாக்டர் நிறம் வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஜன்னல் கண்ணாடி, சிவக்க வைக்கும் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சத்தையும் ‘ஏ’ கதிரில் பெரும்பகுதியையும் உள்ளே விட்டுவிடும். ஜன்னலோர மேசையும் கணக்கில் சேரும்.

நிறத்தால் கிடைக்கும் இந்த நன்மைக்கும் அளவு உண்டு. இரும்பு ஆக்சைடும் படலத்தின் கனத்தில்தான் வேலை செய்கிறது. மிளகு அளவில் போட்டால் அதுவும் மிளகு அளவுதான் காக்கும்.

போடும் விதம்

மறுநாள் அவளுக்கு எஸ்.பி.எஃப். 50 உள்ள, தண்ணீராக ஓடும் நிறமுள்ள சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கினோம். ஷேட் பார்க்கக் கடையில் மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். தாடையோரத்தில், போடப்போகும் அதே கனத்தில் வைத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உடனே முடிவு செய்யவும் கூடாது. முகத்து எண்ணெய் ஊறியதும் நிறமி சற்று ஆழ்ந்து தெரியும். கால் மணி நேரம் கடை வாசலில் நின்றோம். அவள் கையில் எடுத்திருந்த வெளிர் ஷேட் சாம்பல் பூத்தது. இரண்டு படி ஆழ்ந்த ஷேட் தோலோடு சேர்ந்தது. நம்மூர்க் கடைகளில் அந்த ஆழ்ந்த ஷேட்கள் தட்டில் இருப்பதே இல்லை, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மாநிறமும் கருநிறமுமான மக்களுக்கு விற்கும் கடையில் இப்படி இருப்பது எனக்கு இன்றுவரை வருத்தம்தான். ஷேட் வெளுப்பாக இருந்தால் பெண்கள் குறைவாகப் போடுவார்கள். பாதுகாப்பு அங்கேயே போய்விடுகிறது.

அளவுக்கு வீட்டில் தராசு கிடையாது. எல்லோரும் சொல்கிற இரண்டு விரல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், உள்ளங்கை மடிப்பிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு. 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டெய்லர், டிஃபி என்ற இருவர் தலை, முகம், கழுத்து எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துச் சொன்ன அளவு அது. ஒரு சிக்கல், கோட்டின் கனம் ட்யூப் வாயைப் பொறுத்தது. ஆசாரி தராசில் மறுபடி போய் நிறுத்தபோது இந்தப் புது ட்யூபின் மெல்லிய வாயிலிருந்து வந்த இரண்டு கோடு 0.9 கிராம்தான் இருந்தது. அவளுக்கு மூன்று கோடு வேண்டும். தண்ணீராக ஓடுவது விரலில் கோடாகவும் நிற்காது, வழியும். அதனால் அளவுக் கரண்டிக் கொத்தில் கால் டீஸ்பூனை ஒருமுறை நிரப்பி, அது உள்ளங்கையில் எவ்வளவு பெரிய வட்டமாகிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளச் சொன்னேன். ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயத்தை மூடும் அளவு.

அந்த அளவை ஒரே வீச்சில் தேய்த்தால் வழுக்கும், திரளும். பாதியை முதலில் போட வேண்டும். ஐந்து இடத்தில் வைத்து, விரலாலேயே பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். பிறகு மீதிப் பாதியைத் தேய்க்காமல் தட்டித் தட்டி வைக்க வேண்டும். முதல் கையில் விட்டுப்போன இடம் இரண்டாவது கையில் மூடும். விட்டுப்போவது எங்கே என்றால் கண்ணிமை, கண்ணின் மூக்கோர மூலை, காது, தலைமுடி தொடங்கும் ஓரம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் புற ஊதாக் கேமரா வைத்துப் படம் பிடித்தபோது, சாதாரண சன்ஸ்கிரீன் போட்டபோது விட்டதைவிட, எஸ்.பி.எஃப். கலந்த மாய்ஸ்சரைசர் போட்டபோது முகத்தில் இன்னும் அதிக இடத்தை விட்டிருந்தார்கள். இமைகள்தான் அதிகம் விடுபட்டவை. ஒப்பனைபோல் நினைத்துப் போடும் எதிலும் கை அப்படித்தான் போகும்.

ஸ்பாஞ்சும் பிரஷும் வேண்டாம். போட்டதில் ஒரு பங்கை அவை குடித்துவிடும். ஃபவுண்டேஷனோடு உள்ளங்கையில் கலந்து போடுவதும் வேண்டாம். சன்ஸ்கிரீன் நீர்த்துப்போவதோடு, காய்ந்து படலமாக வேண்டிய அமைப்பும் குலையும். எஸ்.பி.எஃப். 15 மாய்ஸ்சரைசருக்கு மேல் 30 பி.பி. கிரீம் போட்டால் 45 ஆகிவிடாது. இரண்டையும் கால் பங்கு போட்டால் இரண்டு அரைகுறைப் பூச்சுதான் மிஞ்சும்.

பளபளப்பு பத்து நிமிடம் இருக்கும். உடனே பவுடர் பஃப்பை எடுப்பது நம் வீட்டுப் பழக்கம். காயாத பூச்சின் மேல் பஃப் அழுத்தினால் அது பெயர்த்துக்கொண்டு வரும். கால் மணி நேரம் கழித்து, மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். வியர்வையைத் துடைக்காமல் ஒற்ற வேண்டும். இங்கே நிறம் ஒரு உதவி செய்கிறது. நிறமில்லாத சன்ஸ்கிரீன் எப்போது போனது என்று தெரியாது. இது கைக்குட்டையிலும் ஹெல்மெட் உறையிலும் துப்பட்டா ஓரத்திலும் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, எங்கே எவ்வளவு போனது என்று காட்டிக்கொடுக்கும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். அவளுக்கு மாலையில் வண்டி எடுக்கும் முன் முகத்தை ஒற்றிவிட்டு இன்னொரு முறை.

செலவு நெருடும், அதை மறைக்க முடியாது. 1.2 கிராம் வீதம் காலையில் மட்டும் போட்டாலே 50 கிராம் ட்யூப் 41 நாள்தான் வரும். 30 கிராம் ட்யூப் 25 நாள். கடைகளில் தொங்கும் 9 கிராம் ட்யூப் ஒரு வாரம். கட்டுப்படியாகாதவர்களுக்கு வழி இருக்கிறது. விலை குறைந்த, நிறமில்லாத சன்ஸ்கிரீனை முழு அளவு இரண்டு கையாகப் போட்டுக் காயவிட்டு, இருக்கிற பி.பி. கிரீமை மங்கு உள்ள இடத்தில் மட்டும் நன்றாக வைக்கலாம். மாலைப் பூச்சுக்கு அவளும் அதைத்தான் செய்யப்போகிறாள். பாதுகாப்பை அடிப்பூச்சு பார்த்துக்கொள்ளும், மேலே இருப்பது வெளிச்சத்தையும் கொஞ்சம் பிடிக்கும். ஒரே பூச்சு இரண்டு பூச்சாகிறது, அவ்வளவுதான்.

மங்கு இதனால் மட்டும் மறைந்துவிடாது என்பதையும் அவளிடம் சொன்னேன். ஹார்மோனும் சூடும் பரம்பரையும் சேர்ந்து கொண்டுவந்தது அது. டாக்டர் கொடுத்த இரவுக் களிம்பு வெளுக்க வைக்கும் வேலையைச் செய்யட்டும். காலைப் பூச்சு, வெளுத்தது மறுபடி கருக்காமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெண் பரிந்துரைத்த ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகுக் களிம்பை மட்டும் தொடாதே என்றேன். அது தோலை மெலியவைத்து, நிறுத்தியதும் பழையபடியோ அதைவிட மோசமாகவோ திருப்பிக் கொடுக்கும்.

ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்தது. புது ட்யூபின் முதுகில் மார்க்கர் பேனாவால் அந்தத் தேதியை எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஜூலை 14-ஆம் தேதி இன்னொரு படம் வந்தது. அடிவரை சுருட்டிய ட்யூப், முதுகில் இரண்டாவது தேதி. கீழே, “43 நாள் அக்கா. ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்துட்டேன்.”